பனோரமா படத்தில் கடை போர்டை மாற்ற எந்த வழி?

திருநெல்வேலி டவுனில் என் அத்தானுக்கும் அவர் தம்பிக்கும் ஒரே தெருவில் இரண்டு பாத்திரக்கடைகள். ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள் காலையில், ரத வீதியின் எதிர்ச் சிறகில் நின்று மொபைலில் ஒரு பனோரமா எடுத்தேன். இடது கோடியில் அலங்கரித்த தேர், தெரு நெடுக மாவிலைத் தோரணம், நடுவில் தம்பி கடை, வலது ஓரத்தில் அத்தான் கடை. அதை 12 அடி நீள ஃப்ளெக்ஸாக அடித்துக் கடைக்குள் மாட்ட வேண்டும் என்றார்கள். அதற்குள் இரண்டு கடைக்கும் போர்டு மாறிவிட்டது. படத்திலும் புது போர்டு வர வேண்டும்.

புது போர்டின் டிசைன் ஃபைல் கையில் இருந்தது. ஒட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் தெருவே வளைந்திருக்கும் படத்தில் நேரான போர்டு எப்படிப் போய் உட்காரும்? அதன் பிறகு இதே சிக்கலோடு வேறு சிலரும் வந்தார்கள். கையால் வளைத்து ஒட்டுவதா, படத்தைத் தட்டையாக்கி மாற்றித் திருப்பிப் போடுவதா, தனித்தனியாக எடுத்த மூலப் படங்களிலேயே மாற்றி மறுபடி ஒரே படமாகத் தைப்பதா என்று தடுமாறுகிறவர்களுக்காக, மூன்றையும் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

## முதலில், எது வளைகிறது?

மொபைலைச் சுழற்றி எடுக்கும் பனோரமா பெரும்பாலும் உருளை வடிவில் விரிக்கப்பட்ட படம். நம்மைச் சுற்றி ஒரு காகித உருளையை நிறுத்தி, தெருவை அதன் மேல் வரைந்து, பிறகு விரித்துப் போட்டது போல. இதில் செங்குத்தான கோடுகள் நேராகவே இருக்கும். தூண், ஷட்டரின் பக்கச் சட்டம், கரண்ட் கம்பம் எதுவும் வளையாது. கேமரா இருந்த உயரத்தில் ஓடும் கிடைக்கோடும் வளையாது. இதைக் கண்மட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே உள்ள கிடைக்கோடுகள் வில்லாக வளைந்து இரண்டு ஓரத்திலும் கீழே இறங்கும். கீழே உள்ளவை ஓரங்களில் மேலே ஏறும். கண்மட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த அளவுக்கு வளைவும் கூடும்.

பலரும் தவறுவது அடுத்த விஷயத்தில்தான். ஓரத்தில் இருக்கும் போர்டுதான் அதிகம் வளைந்திருக்கிறது என்று கண் சொல்லும். அளந்து பார்த்தால் அப்படி இல்லை. ஓரத்தில் இருப்பது பெரும்பாலும் சாய்வு. நிஜமான வளைவு நமக்கு நேர் எதிரே இருக்கும் போர்டில்தான் அதிகம்.

எங்கள் படத்தின் கணக்கு இது. அகலம் 12000 பிக்சல், ஏறக்குறைய 180 டிகிரி காட்சி. எதிர் வரிசைக் கடைகள் என்னிடமிருந்து 8 மீட்டர் தூரத்தில். இரண்டு போர்டுமே 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரம், மேல் விளிம்பு கேமராவை விட 3 மீட்டர் உயரத்தில். தம்பி கடை போர்டு நேர் எதிரே இருக்கிறது. அதன் மேல் விளிம்பு, இரு முனைகளை இணைக்கும் நேர்கோட்டை விட நடுவில் 43 பிக்சல் எழும்பி நிற்கிறது. அத்தான் கடை போர்டு வலப்பக்கம் 6 மீட்டரில் தொடங்கி 10 மீட்டரில் முடிகிறது. அதன் மேல் விளிம்பு இடது முனையிலிருந்து வலது முனைக்குள் 250 பிக்சல் சரிகிறது. ஆனால் வளைவு வெறும் 8 பிக்சல்தான்.

காரணம் எளிது. நேர் எதிரே உள்ள 4 மீட்டர் போர்டு நம் பார்வையில் 28 டிகிரியை அடைக்கிறது. ஓரத்துப் போர்டு தூரமாகவும் சாய்வாகவும் இருப்பதால் 14 டிகிரிதான் அடைக்கிறது. கோணம் இரண்டு மடங்கானால் வளைவு ஏறக்குறைய நான்கு மடங்காகும். நேர் எதிரே கோடு உச்சியில் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடி, ஐந்து மடங்கைத் தாண்டிவிட்டது.

இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டியதில்லை. பழைய போர்டின் மேல் விளிம்பில் இரு முனைகளுக்கும் ஒரு நேர்கோடு இழுத்து, நடுவில் எத்தனை பிக்சல் இடைவெளி விழுகிறது என்று பாருங்கள். எந்த வழி என்பதைப் பாதிக்கு மேல் அந்த ஒரு எண்ணே முடிவு செய்துவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

அந்த வளைவு எண் முதல் அளவுகோல். பிரிண்டில் அது எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். 12000 பிக்சல் 12 அடிக்கு விரிந்தால் ஒரு பிக்சல் சுமார் 0.3 மில்லிமீட்டர். 8 பிக்சல் என்பது இரண்டரை மில்லிமீட்டர், 43 பிக்சல் என்பது 13 மில்லிமீட்டர். போர்டுக்கு மேலேயே கைப்பிடிச்சுவரின் கோடு ஓடினால் 13 மில்லிமீட்டர் பிசகு யார் கண்ணுக்கும் தப்பாது. அதே படம் மொபைலில் மட்டும் பார்க்கப்படப் போகிறது என்றால் கதை வேறு.

இரண்டாவது, கையில் என்ன இருக்கிறது என்பது. ஒரே பனோரமா ஃபைல் மட்டுமா, அல்லது தைப்பதற்கு முன் எடுத்த தனித்தனி படங்களும் இருக்கின்றனவா?

மூன்றாவது, போர்டுக்கு முன்னால் என்ன போகிறது என்பது. நம் ஊர்த் தெருவில் கேபிள் வயரோ தோரணமோ குறுக்கே போகாத போர்டு அபூர்வம். எந்த வழியைத் தேர்ந்தாலும் நேரத்தைத் தின்பது இதுதான்.

| | கையால் வளைத்தல் | தட்டையாக்கித் திருப்புதல் | மூலப் படத்தில் மாற்றித் தைத்தல் |
|---|---|---|---|
| தேவையானது | பனோரமா மட்டும் | பனோரமா, அதன் கோண அகலம் | தனிப் படங்களும் தையல் ஃபைலும் |
| எந்த வளைவுக்கு | 10 பிக்சல் வரை | எவ்வளவானாலும் | எவ்வளவானாலும் |
| மறைவான செலவு | எழுத்து சாய்ந்துவிடும் | கோணத்தைக் கண்டுபிடிப்பது, படம் மங்குவது | பழைய போர்டு பக்கத்துப் படத்திலிருந்து எட்டிப் பார்ப்பது |
| எனக்கு ஆன நேரம் | அரை மணி | முதல் முறை ஒரு மாலை, பிறகு ஒரு மணி | ஒரு மணி |

## வழி 1: நான்கு மூலையைப் பிடித்து, கையால் வளைத்தல்

அத்தான் கடை போர்டுக்கு நான் செய்தது இதுதான். ஆனால் முதல் தடவை தப்பாகச் செய்தேன்.

ஃபோட்டோஷாப்பில் Warp கருவிக்குப் போய் Arc என்பதைத் தேர்ந்து, போர்டின் விளிம்பு பொருந்தும்வரை வளைத்தேன். விளிம்பு அழகாகப் பொருந்தியது. அத்தானிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “என்னடே, எழுத்தெல்லாம் விசிறி மாதிரி விரிஞ்சி கெடக்கு” என்றார். அவர் சொன்னது சரி. Arc கருவி விளிம்பை வளைக்கும்போது பக்கக் கோடுகளையும் விசிறிபோல் சாய்த்துவிடுகிறது. உருளைப் படத்தில் செங்குத்துக் கோடு செங்குத்தாகவே இருக்க வேண்டும். ‘ப’வின் இரண்டு கால்களும், ‘ட’வின் நிமிர்ந்த கோடும், துணைக்காலும் சாய்ந்தால் காரணம் தெரியாதவர்கள்கூட ஏதோ சரியில்லை என்று உணர்வார்கள். தமிழ் எழுத்தில் வளைவு அதிகம் என்பதால் தப்பு மறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி மறையவில்லை.

சரியான வரிசை இது. முதலில் Distort கொண்டு புது போர்டின் நான்கு மூலைகளையும் பழைய போர்டின் நான்கு மூலைகளில் வைக்க வேண்டும். கிம்ப்பில் இதற்கு Perspective கருவி. இது சாய்வை மட்டுமல்ல, தூரம் கூடக்கூட எழுத்து குறுகுவதையும் சேர்த்தே சரிசெய்துவிடும். எங்கள் போர்டில் இடப்பாதி 542 பிக்சல், வலப்பாதி 423 பிக்சல். நான்கு மூலையை மட்டும் பிடித்து இழுத்தபோது நடு எழுத்து சரியாக அந்த இடத்திலேயே போய் நின்றது. மீதி இருந்தது அந்த 8 பிக்சல் மேடு மட்டும். அதற்கு Warp பட்டியலில் Arc வேண்டாம். பக்கக் கோடுகளைச் செங்குத்தாகவே விட்டுவைக்கும் Arch போதும், அதையும் மிகக் குறைந்த அளவில்.

ஒன்றை மறக்கக் கூடாது. சாய்க்கும்போது மேலும் கீழும் நகர்த்த Skew வைத்துக்கொள்ளலாம், ஆனால் Rotate பக்கமே போகக் கூடாது. போர்டைச் சுழற்றினால் விளிம்பு பொருந்தும், எழுத்து படுத்துவிடும்.

இந்த வழியின் எல்லை, மேலும் கீழும் வேறு அளவில் வளையும் போர்டு. தம்பி கடை போர்டின் மேல் விளிம்பு 43 பிக்சல் வளைகிறது, கீழ் விளிம்பு 29 மட்டுமே. Arch இரண்டையும் ஒரே அளவில்தான் தூக்கும். வலைக்கட்டத்தைக் கையால் இழுத்து இழுத்துச் சரிசெய்யலாம். ஆனால் மூன்று முறை முயன்றும் எழுத்தின் அடிக்கோடு அலைபோல் நெளிந்தது. அங்கேதான் இரண்டாவது வழிக்குப் போனேன்.

சின்ன போர்டு, ஓரத்துப் போர்டு, கண்மட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள போர்டு என்றால் இந்த வழியே போதும். ஷட்டரில் ஒட்டிய அறிவிப்பு, கல்லா மேசையின் விலைப்பலகை மாதிரியானவற்றுக்கு வளைக்கவே வேண்டாம், நான்கு மூலையோடு வேலை முடிந்துவிடும்.

## வழி 2: தட்டையாக்கி, மாற்றி, திருப்பிப் போடுதல்

விரித்த காகிதத்தின் ஒரு பகுதியை மறுபடி தட்டையான ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல மாற்றிக்கொள்வது. அந்தப் பார்வையில் எல்லாக் கோடும் நேராகிவிடும். அங்கே போர்டை மாற்றிவிட்டு, அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், போர்டு தானாகவே சரியான அளவில் வளைந்து வந்து உட்காரும். இலவச மென்பொருளான ஹுகினில் இதைச் செய்யலாம்.

பனோரமாவை ஒரே படமாக ஏற்றி, Lens type என்பதில் Panoramic (cylindrical), படத்தின் கோண அகலமான HFOV என்பதில் 180 கொடுத்தேன். வெளிவரும் படத்துக்கு Projection என்பதில் Rectilinear, அகலம் 40 டிகிரி, 4200 பிக்சல். தேவைக்கு 2800 பிக்சலே போதும். ஆனால் படம் இரண்டு முறை உருமாறப் போவதால் ஒன்றரை மடங்கு பெரிதாக எடுத்தேன். இல்லையென்றால் எழுத்தின் ஓரங்கள் மங்கிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. போர்டு மேலே இருக்கிறதே என்று பார்வையை மேலே தூக்கத் தோன்றும். தூக்கக் கூடாது. Pitch என்பதை 0 ஆகவே விட்டு, படத்தின் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தூக்கினால் தூண்கள் உள்பக்கம் சாயும், போர்டும் சரிவகம் ஆகிவிடும். பார்வை சுவருக்கு நேர் குறுக்காக, கிடையாக இருந்தால் போர்டு அச்சு அசல் செவ்வகமாக வரும். எங்களுக்கு 4க்கு 1 என்ற அளவில் அப்படியே வந்தது. டிசைன் ஃபைலைப் பெரிதாக்கி வைத்தேன், எதையும் வளைக்கவில்லை.

சுவருக்கு நேர் குறுக்கு எது என்று எப்படித் தெரியும்? பனோரமாவில் கைப்பிடிச்சுவரின் கோடு எங்கே மிக உயரமாக இருக்கிறதோ அங்கேதான். போர்டு அதற்குப் பக்கவாட்டில் இருந்தால், நடுவுக்கு வரும்படி Yaw மதிப்பை மாற்றிக் கொண்டுவரலாம். அப்போது போர்டு செவ்வகமாக இராது, நான்கு மூலையைப் பிடிக்க வேண்டியிருக்கும், ஆனால் வளைவு இருக்காது. வலப்பக்கம் 44 டிகிரியில் உள்ளதை நடுவுக்குக் கொண்டுவர -44 கொடுத்தால், திருப்பும்போது +44 கொடுக்க வேண்டும்.

திருப்புவது இப்படி. மாற்றிய படத்தைப் புதிய வேலையாக ஏற்றி, Lens type என்பதில் Normal (rectilinear), HFOV 40. வெளிவரும் படம் Cylindrical, 180 டிகிரி, மூலப் பனோரமாவின் அதே அகலம், அதே உயரம். தானாக வெட்டும் வசதியைப் பயன்படுத்த வேண்டாம். அளவு ஒரு பிக்சல் மாறினாலும் பொருந்தாது. TIFF ஆகச் சேமித்து, மூலத்தின் மேல் ஒரு அடுக்காகப் போட்டு, போர்டு மட்டும் தெரியும்படி மாஸ்க் போட்டேன். முழுத் துண்டையும் போட்டால் போர்டைச் சுற்றி ஒரு சதுரம் மட்டும் லேசாக மங்கித் தெரியும்.

இதன் மறைவான செலவு அந்த 180 என்ற எண்ணில் இருக்கிறது. மொபைல் அதை நமக்குச் சொல்வதில்லை. ஊகித்துப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். தட்டையாக்கிய படத்தில் கைப்பிடிச்சுவரின் ஓரங்கள் இன்னும் கீழே இறங்கியிருந்தால் கொடுத்த கோணம் குறைவு. எதிர்ப்பக்கமாக ஓரங்கள் மேலே ஏறினால் கோணம் அதிகம். நான் 160இல் தொடங்கி நான்காவது தடவையில் பிடித்தேன். போர்டைப் பார்க்காமல், படத்தில் நீண்டு ஓடும் ஒரு கோட்டைப் பாருங்கள். சின்ன கோட்டில் தப்பு தெரியாது.

இன்னொரு தொல்லை கண்மட்டம். ஹுகின், கண்மட்டம் படத்தின் நடு உயரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். நான் வானத்தைக் கொஞ்சம் வெட்டியிருந்தேன், அதனால் எந்தக் கோணம் கொடுத்தும் கோடு நேராகவில்லை. ஒரு மணி நேரம் போன பிறகுதான் புரிந்தது. படத்தில் முனைக்கு முனை வளையாமல் ஓடும் கோடு எது என்று தேடினேன். ஷட்டர்களின் நடுவில், பூட்டுக்குச் சற்று மேலே இருந்தது. அது நடுவில் வரும்படி மேலே வெற்று இடம் சேர்த்ததும் எல்லாம் சரியானது. வெட்டாத மூலப் படத்திலிருந்தே தொடங்குவது நல்லது.

கையை நீட்டிச் சுழற்றி எடுத்த படத்தில் இடையிடையே சின்ன முறிவுகள் இருக்கும். அந்த இடத்தில் எந்தக் கணக்கும் கோட்டை முழுக்க நேராக்காது. முறிவு போர்டுக்குள்ளேயே விழுந்திருந்தால், திருப்பிப் போட்ட பிறகு விளிம்பை மட்டும் கையால் தொட்டுச் சரிசெய்ய வேண்டும்.

நேர் எதிரே இருக்கும் பெரிய போர்டு, தெரு நெடுக நீளும் போர்டு, பெரிதாக அடிக்கப் போகும் படம் என்றால் இதுதான் வழி. அந்தப் போர்டு இன்னொரு முறை மாறலாம் என்றாலும் இதுவே. ஒரு முறை எண்களைக் கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை ஒரு மணி நேர வேலைதான்.

## வழி 3: மூலப் படங்களில் மாற்றி மறுபடி தைத்தல்

கேமராவில் தனித்தனியாக எடுத்துக் கணினியில் தைத்த பனோரமா என்றால், போர்டு முழுசாகத் தெரியும் ஒரு படம் இருக்கும். அதில் கோடுகள் ஏறக்குறைய நேராகவே இருக்கும். லென்ஸ் கொண்டுவரும் சிறு உப்பலுக்குத் தகுந்தபடி போர்டின் விளிம்பை லேசாகத் தொட்டால் போதும். அங்கேயே மாற்றிவிட்டு, அதே பெயரில் சேமித்து, பழைய தையல் ஃபைலைத் திறந்து மறுபடி வெளியிட்டால், வளைவை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். படம் ஒரே முறைதான் உருமாறும் என்பதால் மூன்றில் மிகக் கூர்மையாக வருவது இதுதான்.

ஒரு நண்பரின் திருமண மண்டபப் படத்துக்கு இப்படிச் செய்தோம். முதல் தடவை பார்த்தபோது புது எழுத்துக்குள் பழைய எழுத்து பேய்போல் தெரிந்தது. பக்கத்துப் படத்திலும் அதே போர்டு பாதி விழுந்திருந்தது, தைக்கும்போது இரண்டும் கலந்துவிட்டது. மாற்றிய படத்தில் போர்டைச் சுற்றி Include region மாஸ்க் போட்டதும் போய்விட்டது. மறுபடி Align அழுத்த வேண்டாம். பழைய போர்டின் எழுத்தில் பொருத்தப் புள்ளிகள் இருந்திருந்தால், புது எழுத்தோடு அவை பொருந்தாமல் படமே நகர்ந்துவிடும்.

இன்னொன்று, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படங்கள். சில மென்பொருள்கள் சேமிக்கும்போது படத்தைத் திருப்பியே எழுதிவிடும். அகலமும் உயரமும் இடம் மாறிவிடும், தையலில் அந்த ஒரு படம் மட்டும் படுத்துக் கிடக்கும். சேமித்த பிறகு பிக்சல் அளவு பழையதுபோலவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தையுங்கள்.

மூலப் படங்கள் இருந்தால் யோசிக்காமல் இதைத் தேர்ந்தெடுங்கள். மொபைல் பனோரமாவில் அவை மிஞ்சுவதில்லை என்பதுதான் வருத்தம்.

## மறுபடி போய் எடுத்தால் என்ன?

சாதாரண நாளின் தெருப் படம் என்றால் அதுவே சுலபம். எங்களுக்குத் தேரும் தோரணமும் வேண்டும், அடுத்த ஆனி வரை காத்திருக்க வேண்டும். அதனால் அது வழியாகவே இல்லை.

## எல்லாவற்றுக்கும் பொதுவாக: வயரும் நிறமும்

போர்டுக்குக் குறுக்கே இரண்டு கேபிள் வயரும் ஒரு தோரணச் சரமும் போயின. வயரைப் புதிதாக வரையப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்த வயரும் படத்தோடு சேர்ந்து வளைந்திருக்கிறது, இடத்துக்கு இடம் தடிமனும் மாறுகிறது. மூலப் படத்தின் வயரையே மாஸ்க்கில் திறந்து வெளியே கொண்டுவருவதுதான் சரி. பழைய போர்டு வெளிர் நிறமாக இருந்ததால் கறுப்பு வயரைப் பிரிப்பது எளிதாக இருந்தது. தோரணத்துக்குத்தான் இலை இலையாக மாஸ்க் போட்டேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. எண்களைக் கண்டுபிடித்த பிறகு வளைவுக்கு ஆகும் நேரத்தை விட அதிகம்.

டிசைன் ஃபைலின் வெள்ளை காலை வெயிலில் அப்படி வெள்ளையாக இருக்காது. பழைய போர்டின் வெள்ளையை எடுத்து, புதியதை அந்த அளவுக்கு மங்கலாக்கினேன். பிறகு 1 பிக்சல் அளவுக்கு Gaussian Blur, கொஞ்சம் நாய்ஸ். மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடின் நிழலையும் பழைய போர்டிலிருந்தே எடுத்துப் போட்டேன்.

மாற்றாத மூலத்தைத் தனியாக வைத்திருக்கிறேன். அந்த ஆண்டுத் தேருக்கு இந்த போர்டு இல்லை என்பதை ஃப்ளெக்ஸின் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

கடைசியில் ஒரே படத்தில் இரண்டு வழி ஆனது. அத்தான் போர்டு கையால், தம்பி போர்டு ஹுகினில். முழு ஃப்ளெக்ஸும் அடிப்பதற்கு முன், இரண்டு போர்டும் உள்ள இடங்களை மட்டும் தனித்தனி இரண்டு அடித் துண்டுகளாக நிஜ அளவில் அடித்துச் சுவரில் ஒட்டிப் பார்த்தோம். போர்டின் மேல் விளிம்பும் கைப்பிடிச்சுவரும் ஒன்றாக ஓடுகின்றனவா என்று அத்தான் ஒரு ஸ்கேலை வைத்து அளந்தார். இடைவெளி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீராக மாறியது, எங்கும் புடைக்கவில்லை. அன்று மாலையே 12 அடிக்கும் கொடுத்துவிட்டோம்.